ஐந்தாண்டு உத்தரவாதம் எதற்கு? குளிர்சாதன உத்தரவாத அட்டையை ஒரு தாளில் சுருக்கும் வழி

ஈசூனில் இருக்கும் என் அக்கா வீட்டில் 2025 ஜூன் மாதம் குளிர்சாதனம் மெல்ல மெல்லக் குளிர் குறைந்தது. முதலில் கூடம், பிறகு இரண்டு படுக்கையறைகளும். காற்று வந்தது, குளிர் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வருபவர் பார்த்துவிட்டு, “கேஸ் குறைந்துவிட்டது, 120 வெள்ளி கொடுத்தால் நிரப்பித் தருகிறேன்” என்றார். அக்கா உடனே தலையாட்டவில்லை. அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்தார். ‘கேஸ் கசிவு: பொருத்தியவரை அழைக்க, 2026 ஏப்ரல் 21 வரை’ என்று அதில் எழுதியிருந்தது. பொருத்திய நிறுவனத்தை அழைத்தார். நான்காம் நாள் வந்து சரிசெய்தார்கள். அக்கா ஒரு காசும் கொடுக்கவில்லை.

அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. மின்சாதனக் கடை ஒன்றின் பழுதுபார்ப்பு முகப்பில் சில ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அங்கே கண்ணீரோடு நின்ற பலரிடம் உத்தரவாத அட்டை இருந்தது. அது எதை இலவசமாகத் தருகிறது என்பதைப் பழுது வருமுன் அவர்கள் படித்திருக்கவில்லை. எல்லாச் சாதனங்களையும் சொல்லப் போனால் எதுவும் உருப்படியாக நிற்காது. ஆகவே வீவக வீடுகளில் அதிகம் குழப்பம் தரும் ஒன்றை, ஒரு வெளிப்புறப் பெட்டியும் மூன்று உட்புறப் பெட்டிகளும் கொண்ட ‘சிஸ்டம் 3’ குளிர்சாதனத்தை, எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் ஆண்டுக் கணக்குகள் அக்காவின் அட்டைகளில் இருந்தவை. உங்கள் அட்டையில் வேறாக இருக்கும். படிக்கும் முறை மாறாது.

முதல் படி: உத்தரவாதம் தருபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்

குளிர்சாதனம் வாங்கும்போது நமக்கு ஒரு உத்தரவாதம் கிடைப்பதாக நினைக்கிறோம். உண்மையில் இரண்டு கிடைக்கின்றன. பெட்டிகளைச் செய்த நிறுவனம் பெட்டிகளுக்குள் இருக்கும் பாகங்களுக்குப் பொறுப்பு. சுவரில் துளையிட்டு, செம்புக் குழாய் இழுத்து, வடிகால் குழாய் போட்டு, இணைப்புகளை முறுக்கிய நிறுவனம் அந்த வேலைக்கும் அதில் பயன்படுத்திய குழாய்களுக்கும் பொறுப்பு. முதலாவது பளபளப்பான அட்டையாக வரும், அல்லது இணையத்தில் பதிவு செய்யச் சொல்லும். இரண்டாவது பெரும்பாலும் விலைச்சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் நான்கு வரிகளாக இருக்கும். முதலாவதைப் பத்திரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தூக்கிப் போடுபவர்களே அதிகம்.

இரண்டையும், பணம் செலுத்திய ரசீதையும், பொருத்திய நாளில் கையெழுத்திட்ட வேலைச் சீட்டையும் மேசையில் பரப்புங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது ஓராண்டுக்குள் வெளுத்துப்போகக்கூடும், எனவே அன்றே படம் எடுத்துவிடுங்கள். வெளிப்புறப் பெட்டியின் வரிசை எண் ஒட்டுத்தாளையும் பொருத்தும் நாளிலேயே படம் எடுப்பது நல்லது. பெட்டி வெளித்திண்டில் ஏறிவிட்டால் அந்த எண்ணைப் படிக்க யாரும் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது.

இரண்டாம் படி: ‘கம்ப்ரசர்’ என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். நான் கண்ட ஏமாற்றங்களில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது.

சிங்கப்பூரில் பேச்சு வழக்கில் வெளியே இருக்கும் பெட்டி முழுவதையும் ‘கம்ப்ரசர்’ என்கிறோம். ‘கம்ப்ரசருக்கு ஐந்தாண்டு’ என்று விற்பனையாளர் சொன்னதும், வெளியே இருக்கும் பெட்டிக்கு ஐந்தாண்டு கவலை இல்லை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அட்டையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. பெட்டிக்குள், அடிப்பகுதியில், குளிர்பதன வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கருநிற உருளை ஒன்று உண்டு. அது மட்டுமே கம்ப்ரசர். அதன் அருகில் இருக்கும் மின்சுற்றுப் பலகை, விசிறி, விசிறி மோட்டார், வெப்பத்தை வெளியேற்றும் சுருள், வால்வுகள் எல்லாம் ‘இதர பாகங்கள்’. அக்காவின் அட்டையில் கம்ப்ரசருக்கு ஐந்தாண்டு, இதர பாகங்களுக்கு ஓராண்டு.

பதினான்காம் மாதம் வெளிப்புறப் பெட்டி ஓடாமல் நின்று, காரணம் மின்சுற்றுப் பலகை என்று தெரியவந்தால், அந்தப் பலகைக்கு நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு என்ற எண் உங்களுக்கு உதவாது. கம்ப்ரசர் என்ற உருளை பழுதாவதைவிட இந்தப் பலகை பழுதாகி வந்த வாடிக்கையாளர்களையே நான் அதிகம் பார்த்தேன். ஆகவே உங்கள் தாளில் ‘கம்ப்ரசர்’ என்று எழுதாதீர்கள். ‘வெளிப்பெட்டிக்குள் உள்ள உருளை மட்டும்’ என்று எழுதுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களும் படித்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் படி: ‘இலவசம்’ என்பதை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு பழுதுபார்ப்புக் கட்டணத்தில் மூன்று பகுதிகள் இருக்கின்றன: பாகத்தின் விலை, அதை மாற்றும் கூலி, பணியாளர் வீட்டுக்கு வரும் வருகைக் கட்டணம். அட்டையின் பெரிய எழுத்து முதலாவதைப் பற்றியே பேசும். மற்ற இரண்டும் அடியில், சிறிய எழுத்தில் இருக்கும். ‘பார்ட்ஸ் ஒன்லி’ என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். அவை இருந்தால், பாகம் இலவசம், கூலியும் வருகையும் உங்கள் செலவு.

அக்காவின் அட்டை அப்படித்தான் இருந்தது. கூலிக்கும் வருகைக்கும் முதல் ஓராண்டு மட்டுமே பாதுகாப்பு. அதாவது மூன்றாம் ஆண்டில் கம்ப்ரசர் பழுதானால், உருளை இலவசமாக வரும். ஆனால் பழைய வாயுவை வெளியே எடுக்க வேண்டும், குழாயை வெட்டிப் பற்றவைக்க வேண்டும், குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும், புதிய வாயு நிரப்ப வேண்டும். இதற்கெல்லாம் ரசீது வரும். அது சிறிய தொகை அல்ல. வாயுவும் பல அட்டைகளில் ‘நுகர்பொருள்’ என்ற தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கும். அதையும் தனி வரியாக எழுதுங்கள்.

இன்னொரு வரியும் கவனிக்கத்தக்கது. மாற்றிய பாகத்துக்குப் புதிதாக ஓராண்டு கிடைக்குமா? பெரும்பாலான அட்டைகளில் கிடைக்காது. பழைய உத்தரவாதத்தில் மீதமுள்ள நாள்கள்தாம் புதிய பாகத்துக்கும். சிலவற்றில் மட்டும் ஒரு குறைந்தபட்சக் காலம் தருவார்கள்.

நான்காம் படி: எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்?

அக்கா 2023 மார்ச் 8ஆம் தேதி முன்பணம் கட்டினார். ஏப்ரல் 22ஆம் தேதி பொருத்தி முடித்து, அன்றே மீதிப் பணத்துக்கு இறுதி ரசீது கொடுத்தார்கள். அட்டையில் ‘வாங்கிய நாளிலிருந்து’ என்றிருந்தது. எது வாங்கிய நாள்? இடைவெளி 45 நாள். ஒரு பழுது அந்த 45 நாளுக்குள் வந்து விழுந்தால், வாக்குவாதம் ஆயிரம் வெள்ளிக்கும் போகலாம்.

நாங்கள் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டோம். இறுதி ரசீதின் தேதியே கணக்கு என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அச்செடுத்துத் தாளின் பின்னால் ஒட்டினோம். பதில் வராவிட்டால் எது முந்தைய தேதியோ அதையே தாளில் எழுதுங்கள். அப்போது ஒருபோதும் தாமதமாக மாட்டீர்கள். ‘விச்செவர் இஸ் எர்லியர்’ என்று அட்டை சொன்னாலும் பொருள் அதுவே: இரண்டில் முதலில் வருவது.

தாளில் ‘ஓராண்டு’ என்று எழுதாமல் முடிவுத் தேதியை எழுதுங்கள். சிலர் இணையத்தில் குறிப்பிட்ட நாள்களுக்குள் பதிவு செய்தால் கூடுதல் மாதங்கள் தருவார்கள். அந்தக் கெடுவும் தேதியாகவே இருக்க வேண்டும். பதிவை நிறுவனமே செய்துவிடும் என்று விற்பனையாளர் சொன்னாலும், உறுதி மின்னஞ்சல் உங்கள் கைக்கு வரும்வரை அதைச் செய்யாததாகவே கருதுங்கள்.

ஐந்தாம் படி: எது முழுவதையும் ரத்து செய்கிறது, எது அந்தப் பழுதை மட்டும் ஒதுக்குகிறது?

நிபந்தனைகளில் இரண்டு வகை கலந்திருக்கும். ஒன்று, மீறினால் உத்தரவாதம் முழுவதும் போய்விடும். மற்றது, குறிப்பிட்ட காரணத்தால் வந்த பழுதுக்கு மட்டும் பணம் கேட்பார்கள். உத்தரவாதம் அப்படியே இருக்கும். அட்டை இவற்றை ஒரே பட்டியலில் போட்டுவிடுவதால், படிப்பவருக்கு எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். இரண்டு நிற எழுதுகோல் எடுத்துப் பிரியுங்கள்.

சிவப்பில் வர வேண்டியவை, முழுவதையும் ரத்து செய்பவை: அங்கீகாரம் இல்லாதவர் பெட்டியைத் திறந்து பழுதுபார்ப்பது, வரிசை எண் ஒட்டுத்தாள் கிழிந்துபோவது, பெட்டியை வேறு வீட்டுக்கு மாற்றுவது, வீட்டுப் பயன்பாட்டுக்கான கருவியை வணிகத்துக்குப் பயன்படுத்துவது. கடைசி நிபந்தனை டியூஷன் நடத்துபவர்களுக்கும், வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்பவர்களுக்கும் முக்கியம். உங்கள் பயன்பாடு எந்தப் பக்கம் வரும் என்று முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். வீட்டை விற்றால், உத்தரவாதம் முதல் உரிமையாளரோடு நின்றுவிடும் என்ற வரியும் இருக்கலாம். மறுவிற்பனை வீடு வாங்குபவர்கள் இதை விற்பவரிடம் கேட்க வேண்டும்.

நீலத்தில் வர வேண்டியவை, அந்தப் பழுதை மட்டும் ஒதுக்குபவை: மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், வெள்ளம், பூச்சி, வழக்கமான தேய்மானம், சுத்தம் செய்யாததால் வரும் அடைப்பு. நம் ஊரில் பல்லியை இந்தப் பட்டியலில் தனியாக நினைவில் வையுங்கள். வெளிப்புறப் பெட்டிக்குள் புகுந்து மின்சுற்றுப் பலகைமேல் கருகிக் கிடக்கும் பல்லியைப் பணியாளர் படம் எடுத்துக் காட்டினால், பலகை ஆறு மாதமே ஆனதாக இருந்தாலும் பணம் கேட்க அவர்களுக்கு வழி இருக்கிறது. கடும் இரசாயனம் ஊற்றிக் கழுவியதால் சுருள் அரிக்கப்பட்டால் அதுவும் நீலம்தான்.

உட்புறப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பலர் உத்தரவாதத்தில் கேட்பார்கள். பெரும்பாலும் அது வடிகாலில் தூசும் பாசியும் அடைத்ததால் வருவது; யாருடைய உத்தரவாதத்திலும் வராது. ஆனால் பொருத்திய சில வாரங்களிலேயே சொட்டினால், குழாயின் சரிவு தவறாக இருக்கலாம். அப்போது அது பொருத்தியவரின் பொறுப்பு.

ஆறாம் படி: புரியாத வரியை எழுத்தில் கேளுங்கள்

‘முறையாகப் பராமரிக்க வேண்டும்’ என்றால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? யார் செய்தால் ஏற்பார்கள்? தொலைபேசியில் ஒருவர் ஒன்று சொல்வார், பழுது வந்தபின் வேறொருவர் வேறு சொல்வார். அதனால் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். அக்காவுக்காக நான் பொருத்திய நிறுவனத்திடம் கேட்டது இவ்வளவுதான்: “உங்கள் 36 மாத வேலை உத்தரவாதம் நடப்பில் இருக்கும்போது, வேறு ஒருவர் வடிகட்டியையும் உட்புறப் பெட்டியையும் வழக்கமாகச் சுத்தம் செய்தால் உத்தரவாதம் தொடருமா? வேறு ஒருவர் வாயுக் குழாயைத் திறந்தால் தொடருமா?” முதலாவதற்கு ‘தொடரும், சுத்தம் செய்த ரசீதுகளை வைத்திருங்கள்’ என்றும், இரண்டாவதற்கு ‘தொடராது’ என்றும் பதில் வந்தது.

அந்த இரண்டாம் பதில்தான் 2025 ஜூனில் அக்காவைக் காப்பாற்றியது.

ஏழாம் படி: தாளை எழுதுங்கள்

அக்காவின் தாள் இப்படி இருந்தது. நீளம் அரைப்பக்கம்.

தயாரிப்பாளர்:
வெளிப்பெட்டி உருளை மட்டும்: 2028 ஏப்ரல் 21 வரை பாகம் இலவசம்.
மற்ற எல்லாப் பாகங்களும்: 2024 ஏப்ரல் 21 வரை இலவசம்.
கூலி, வருகை: 2024 ஏப்ரல் 21 வரை மட்டும்.
வாயு: எப்போதும் நம் செலவு.

பொருத்தியவர்:
கேஸ் கசிவு, இணைப்பு, குழாய்ச் சரிவு: 2026 ஏப்ரல் 21 வரை பாகம், கூலி, வருகை இலவசம். கசிவு அவர்கள் இணைப்பில் என்றால் வாயுவும் இலவசம்.

செய்யவே கூடாது:
வேறு யாரும் வாயுக் குழாயைத் திறக்கக் கூடாது.
வெளிப்பெட்டி ஒட்டுத்தாளைக் கிழிக்கக் கூடாது.

வைத்திருக்க வேண்டியது: சுத்தம் செய்த ஒவ்வொரு ரசீதும்.

எழுதியபின் அட்டையை மூடிவிட்டு, வீட்டில் வேறு ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்துக் கேள்வி கேளுங்கள். ‘இருபதாம் மாதம் விசிறி மோட்டார் நின்றால் யார் பணம் கொடுப்பது?’ ‘நான்காம் ஆண்டு உருளை பழுதானால் கூலி எவ்வளவு நம் தலையில்?’ ‘மூன்று அறையும் குளிரவில்லை என்றால் முதலில் யாரை அழைப்பது?’ அவர் தயங்கினால் அந்த வரியைத் திருத்துங்கள்.

தாள் வேலை செய்த விதம்

குளிர்சாதனத்தில் வாயு மூடிய குழாய்களுக்குள் சுற்றுகிறது. வாகன எரிபொருளைப்போல அது செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பவும் குறையும். சிஸ்டம் 3இல் மூன்று அறைகளுக்கும் ஒரே வெளிப்பெட்டி என்பதால், மூன்றும் சேர்ந்து மெல்லக் குளிர் குறைந்தால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். ஓர் அறை மட்டும் குளிராவிட்டால் பெரும்பாலும் அந்த அறையின் பெட்டியில்தான் கோளாறு. சுருளில் பனி படிவதும் வாயு குறைந்ததற்கு ஓர் அடையாளம், ஆனால் அடைத்த வடிகட்டியாலும் பனி படியும்.

பொருத்திய நிறுவனத்தார் வந்து குழாய்களில் நைட்ரஜனை அழுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினார்கள். கூடத்துப் பெட்டியின் பின்புறம், செம்புக் குழாயின் வாயை விரித்து மரையால் முறுக்கிய ‘ஃபிளேர்’ இணைப்பில் குமிழ்கள் வந்தன. விரித்த வாய் சமமாக இல்லை. அது பொருத்தியபோதே நேர்ந்த குறை. வெட்டி, புதிதாக விரித்து, காற்றை உறிஞ்சி எடுத்து, ஆர்32 வாயுவை எடைபோட்டு நிரப்பினார்கள். காரணம் அவர்கள் இணைப்பு என்பதை வேலைச் சீட்டில் எழுதித் தரும்படி அக்கா கேட்டு வாங்கினார். சீட்டில் வெறும் ‘கேஸ் நிரப்பப்பட்டது’ என்றிருந்தால், அடுத்த முறை அதே இடம் கசியும்போது கதை முதலிலிருந்து தொடங்கும்.

சுத்தம் செய்பவர் கேட்ட 120 வெள்ளியை அன்று கொடுத்திருந்தால் இழப்பு அந்தத் தொகையோடு நின்றிருக்காது. அவர் குழாயைத் திறந்த நொடியில் பொருத்தியவரின் உத்தரவாதமும் முடிந்திருக்கும், கசிவும் அப்படியே இருந்திருக்கும்.

அட்டை ‘இல்லை’ என்றாலும் சட்டம் இருக்கிறது

தாளின் அடியில் ஒரு வரி சேருங்கள்: ‘முதல் ஆறு மாதம்: விற்றவர்’. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன் சட்டம்’, பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின் ஒரு பகுதி. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ, பணத்தைத் திரும்பப் பெறுவதோ கேட்கலாம். இது தயாரிப்பாளர் அட்டைக்கு மேல் கிடைப்பது. ‘தயாரிப்பாளரிடம் போங்கள்’ என்று கடை உங்களைத் திருப்பி அனுப்பினால், இந்தச் சட்டப்படி பொறுப்பு விற்றவருக்கே என்று சொல்லுங்கள். தவறான பயன்பாட்டுக்கும் தேய்மானத்துக்கும், மனம் மாறியதற்கும் இது பொருந்தாது.

பேச்சு முறிந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, விவகாரம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை. உங்கள் கையில் இருக்கும் வேலைச் சீட்டும் மின்னஞ்சல்களும்தான் பேச வேண்டும்.

எட்டாம் படி: முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு

கைப்பேசியில் ஒவ்வொரு முடிவுத் தேதிக்கும் 30 நாள் முன்பு ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்று மூன்று அறைகளையும் தனித்தனியாக, பிறகு சேர்த்து, அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். குளிர் வரும் வேகம், வெளிப்பெட்டியின் ஓசை, சொட்டும் நீர், தொலைக்கட்டுப்பாட்டுக்குப் பதில் தருகிறதா என்பது, விளக்கு சிமிட்டுகிறதா என்பது. சந்தேகம் எதுவானாலும் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். பணியாளர் வரும் நாள் முடிவுத் தேதிக்குப் பிறகு அமைந்தாலும், புகார் கொடுத்த நாள் அதற்கு முன்பு என்பதற்கு உங்களிடம் சான்று இருக்கும்.

அக்கா 2024 மார்ச் 22 அன்று இப்படி ஓடவிட்டபோது, சின்ன அறையின் காற்றுத் தடுப்புத் தகடு பாதியில் நின்றது தெரிந்தது. அதை அசைக்கும் சிறு மோட்டாரை ஏப்ரல் 3 அன்று இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். கூலியும் வருகையும் இலவசமாக இருந்த கடைசி மாதம் அது.